அடுத்த தலைமுறையில் கொல்லும் மருந்து: மலேரியா ஒட்டுண்ணிக்குள் இருக்கும் பாசியின் எச்சம்

டாக்சிசைக்ளின் பாக்டீரியாவைக் கொல்ல உருவான மருந்து. மலேரியாவை உண்டாக்கும் பிளாஸ்மோடியம் பாக்டீரியா அல்ல. அதற்கு நம் செல்களைப் போலவே உட்கரு உண்டு, உட்கருவுக்குள் குரோமோசோம்கள் உண்டு. புரதங்களைச் செய்யும் பாக்டீரியாவின் ரைபோசோமைப் பிடித்து முடக்கும் மருந்துக்கு அங்கே வேலை இருக்கக் கூடாது. ஆனாலும் மலேரியா பரவியுள்ள நாடுகளுக்குப் போகிறவர்களுக்கு மருத்துவர்கள் தினமும் 100 மில்லிகிராம் டாக்சிசைக்ளின் எழுதித் தருகிறார்கள். அது உண்மையிலேயே வேலை செய்கிறது.

வேலை செய்யும் விதம்தான் விசித்திரம். பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரம் ஒரு சிவப்பணுவுக்குள் நுழைந்து, வளர்ந்து, பல குஞ்சுகளாகப் பிரிந்து, அணுவைக் கிழித்துக்கொண்டு வெளியேற ஏறக்குறைய 48 மணி நேரம் ஆகும். ஆய்வகத்தில் மனித இரத்தத்தில் வளரும் ஒட்டுண்ணிகளுக்கு நடுவே டாக்சிசைக்ளினைக் குறைந்த அளவில் விட்டால் முதல் 48 மணி நேரத்தில் எந்த மாற்றமும் தெரியாது. ஒட்டுண்ணி வழக்கம்போல வளர்கிறது, பிரிகிறது, வெளியே வந்து புதிய சிவப்பணுக்களைப் பிடிக்கிறது. அந்த இரண்டாவது சுற்றில்தான் அவை வளராமல் நின்று சாகின்றன. மருந்தைச் சந்தித்த தலைமுறை தப்பித்துவிடுகிறது, அதன் பிள்ளைகள் மடிகின்றன. இதே குடும்பத்தைச் சேர்ந்த டோக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியிலும் கிளிண்டமைசின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக் இப்படியே நடந்துகொள்கிறது. முதல் சுற்று முடிந்ததும் மருந்தைக் கழுவி எடுத்துவிட்டால்கூட அடுத்த சுற்றில் சாவு வந்து சேர்கிறது. ஆய்வாளர்கள் இதைத் தாமத மரணம் என்கிறார்கள்.

இந்தத் தாமதத்துக்கான காரணம் ஒட்டுண்ணிக்குள் இருக்கும் ஏபிகோபிளாஸ்ட் என்ற நுண்ணுறுப்பில் இருக்கிறது. அது அங்கே வந்த வரலாறு தெரிந்தால் மருந்துகள் ஏன் வேலை செய்கின்றன என்பதோடு, ஏன் இவ்வளவு மெதுவாக வேலை செய்கின்றன என்பதும் விளங்கும்.

வரலாறு ஒரு தவறான அடையாளத்தோடு தொடங்குகிறது. 1975இல் பறவைகளைத் தாக்கும் ஒரு மலேரியா ஒட்டுண்ணியில் வட்ட வடிவ டி.என்.ஏ. கிடைத்தது. உட்கருவுக்கு வெளியே டி.என்.ஏ. இருந்தால் அது மைட்டோகாண்ட்ரியாவுடையதாக இருக்கும் என்று எடுத்துக்கொள்வது அன்றைக்கு இயல்பு. பின்னர் லண்டன் மில் ஹில்லில் இருந்த தேசிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் இயன் வில்சனின் குழு அந்த வட்டத்தை எழுத்தெழுத்தாகப் படிக்கத் தொடங்கியது. படிக்கப் படிக்கப் பொருத்தம் இல்லாமல் போனது. மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. அந்த வட்டம் இல்லை, சுமார் 6 ஆயிரம் எழுத்து நீளமுள்ள வேறொரு துண்டு என்று தெரிந்தது. அப்படியானால் 35 ஆயிரம் எழுத்து கொண்ட வட்டம் யாருடையது? அதிலிருந்த மரபணுக்களும் அவை அடுக்கப்பட்டிருந்த முறையும் செடிகளின், பாசிகளின் பசுங்கணிகத்தை ஒத்திருந்தன. முழு வரைபடம் 1996இல் வெளியானது. அடுத்த ஆண்டு டோக்சோபிளாஸ்மாவில் அந்த டி.என்.ஏ. எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தார்கள். உட்கருவுக்குச் சற்று முன்னால் இருக்கும் ஒரு சிறு பைக்குள் அது இருந்தது. மின்னணு நுண்ணோக்கியில் பலர் பல ஆண்டுகளாகப் பார்த்து, ஆளுக்கொரு பெயர் வைத்து, என்னவென்று தெரியாமல் விட்டிருந்த அதே பை. அதைச் சுற்றி நான்கு சவ்வுகள் இருந்தன.

நான்கு என்ற அந்த எண்ணிக்கைதான் இங்கே முக்கியமான தடயம். பசுங்கணிகம் முதன்முதலில் உருவானது நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னால். ஒளிச்சேர்க்கை செய்யும் ஒரு சயனோபாக்டீரியாவை, உட்கரு கொண்ட ஒரு செல் விழுங்கிச் செரிக்காமல் உள்ளே வைத்துக்கொண்டது. சிவப்புப் பாசிகளும் பச்சைப் பாசிகளும், பின்னாளில் செடிகளும் அந்த வழியில் வந்தவை. அவற்றின் பசுங்கணிகத்துக்கு இரண்டு சவ்வுகள்தான். பின்னர் வேறொரு ஒற்றைச் செல் உயிரி, ஏற்கெனவே பசுங்கணிகம் வைத்திருந்த ஒரு பாசியையே முழுதாக விழுங்கியது. விழுங்கப்பட்ட பாசியின் உட்கரு காலப்போக்கில் கரைந்து மறைந்தது. அதன் பசுங்கணிகம் மட்டும் எஞ்சியது. உள்ளே இருக்கும் இரண்டு சவ்வுகள் அந்தப் பசுங்கணிகத்துடையவை. மூன்றாவது, பாசியின் சொந்த வெளிச்சவ்வு. எல்லாவற்றுக்கும் வெளியே இருப்பது விழுங்கிய செல்லின் சவ்வு. இதுதான் இரண்டாம் நிலை உள்ளுறை கூட்டுவாழ்வு.

விழுங்கப்பட்டது பச்சைப் பாசியா, சிவப்புப் பாசியா என்று பல ஆண்டுகள் வாதம் நடந்தது. 1997இல் ஒரே ஒரு மரபணுவை வைத்துப் பச்சை என்றுதான் சொன்னார்கள். ஏபிகோபிளாஸ்ட் ஒளிச்சேர்க்கை மரபணுக்கள் அத்தனையையும் இழந்துவிட்டதால் ஒப்பிட்டுப் பார்க்கச் சரக்கு குறைவு. மிச்சமுள்ள மரபணுக்களும் வேகமாக மாறிப் போனவை. தீர்ப்பு எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. சிட்னி துறைமுகத்துப் பவளத்திலிருந்து பிரித்தெடுத்த குரோமேரா வேலியா என்ற ஒற்றைச் செல் உயிரியைப் பற்றி 2008இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. மலேரியா ஒட்டுண்ணியின் நெருங்கிய உறவினரான அது இன்றும் வெளிச்சத்தில் ஒளிச்சேர்க்கை செய்து வாழ்கிறது. அதன் முழுமையான பசுங்கணிகத்தை நடுவில் வைத்து ஒப்பிட்டபோது ஏபிகோபிளாஸ்டும் அதுவும் சிவப்புப் பாசி வழியில் வந்த ஒரே மூதாதையிலிருந்து பிரிந்தவை என்பது 2010இல் உறுதியானது. மனித இரத்தத்தில் ஒளிந்து வாழும் ஓர் ஒட்டுண்ணியின் முன்னோர் கடலில் சூரிய ஒளியை உண்டு வாழ்ந்தவர்கள் என்பது எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு குறையாத செய்தி.

இந்தப் பூர்வீகத்தின் விளைவுகளில் இரண்டை மட்டும் பார்த்தால் மருந்தின் கதவு எங்கே திறக்கிறது என்று தெரிந்துவிடும்.

முதலாவது, ஏபிகோபிளாஸ்டின் உள்வேலைகள் இன்னும் பாக்டீரியா பாணியிலேயே நடக்கின்றன. தன் டி.என்.ஏ.வை நகலெடுக்கும்போது முறுக்கை அவிழ்க்கப் பாக்டீரியாவின் கைரேஸ் நொதியை அது பயன்படுத்துகிறது. தன் புரதங்களைப் பாக்டீரியா வகை ரைபோசோமில் செய்துகொள்கிறது. சிப்ரோஃப்ளாக்சசின் கைரேஸைத் தாக்குகிறது. டாக்சிசைக்ளின், கிளிண்டமைசின், அசித்ரோமைசின் மூன்றும் ரைபோசோமைத் தாக்குகின்றன. இந்த மருந்துகளை மலேரியாவுக்கென்று யாரும் வடிவமைக்கவில்லை. பாக்டீரியாவுக்கென்று செய்தவை, பாக்டீரியாவின் வழித்தோன்றல் ஒன்று ஒட்டுண்ணிக்குள் இருந்ததால் அங்கேயும் பலித்தன.

இரண்டாவது, ஏபிகோபிளாஸ்ட் தனித்து இயங்க முடியாது. அதன் சொந்த டி.என்.ஏ.வில் சுமார் 30 புரதங்களுக்கான குறிப்புதான் இருக்கிறது. அதற்குத் தேவையான மற்ற நூற்றுக்கணக்கான புரதங்களின் மரபணுக்கள் எப்போதோ ஒட்டுண்ணியின் உட்கருவுக்கு இடம் மாறிவிட்டன. அந்தப் புரதங்கள் வெளியே தயாராகி நான்கு சவ்வுகளையும் தாண்டி உள்ளே போக வேண்டும். அதற்காக ஒவ்வொரு புரதத்தின் முனையிலும் இரண்டு பகுதி கொண்ட ஒரு முகவரித் துண்டு இருக்கும். முதல் பகுதி புரதத்தைச் செல்லின் வழக்கமான சுரப்புப் பாதையில் ஏற்றிவிட்டதும் வெட்டப்படும். இரண்டாம் பகுதி உள்சவ்வுகளைத் தாண்ட வைத்து, உள்ளே சேர்ந்த பிறகு வெட்டப்படும். ஆகவே ஒரு புரதத்தில் இரண்டாம் பகுதி வெட்டப்படாமல் அப்படியே இருந்தால், அது ஏபிகோபிளாஸ்டுக்குள் போய்ச் சேரவில்லை என்று பொருள். ஆய்வகத்தில் இதை நேரடியாகப் பார்க்க முடியும். இந்த விவரம் கொஞ்ச நேரத்தில் நமக்குத் தேவைப்படும்.

வெளிச்சமே இல்லாத இடத்தில், ஒளிச்சேர்க்கையையும் தொலைத்துவிட்ட ஒரு பசுங்கணிகத்தை ஒட்டுண்ணி ஏன் இத்தனை கோடி ஆண்டுகள் சுமக்கிறது? மரபணுப் பட்டியலைப் பார்த்தால் அதற்குள் பல வேலைகள் நடப்பது தெரியும். கொழுப்பு அமிலம் செய்வது, ஹீம் என்ற இரும்பு கொண்ட மூலக்கூறைச் செய்வதில் சில படிகள், இரும்பும் கந்தகமும் சேர்ந்த சிறு கொத்துகளைக் கட்டுவது, ஐசோபென்டினைல் பைரோபாஸ்பேட் என்ற ஐந்து கார்பன் மூலக்கூறைச் செய்வது. கடைசியாகச் சொன்னதை ஐபிபி என்றே சுருக்கிச் சொல்கிறேன். மருந்து தேடுகிறவர்களுக்கு இவை எல்லாமே இலக்காகத் தெரிந்தன. அந்த நம்பிக்கை ஓரிடத்தில் சறுக்கியதையும் சொல்ல வேண்டும்.

2001இல் பெங்களூரில் ஜவகர்லால் நேரு உயராய்வு மையத்தின் நமிதா சுரோலியாவும் இந்திய அறிவியல் கழகத்தின் அவதேஷ சுரோலியாவும் ஒரு முக்கியமான முடிவை வெளியிட்டார்கள். சோப்பிலும் பற்பசையிலும் கிருமிநாசினியாகச் சேர்க்கப்பட்டுவந்த டிரைக்ளோசான், சிவப்பணுவில் வளரும் மலேரியா ஒட்டுண்ணியைக் கொல்கிறது. கொழுப்பு அமிலத் தயாரிப்பின் ஒரு நொதியை அது முடக்குவதால் ஒட்டுண்ணி சாகிறது என்பது விளக்கம். நியாயமான விளக்கம்தான். ஆனால் சில ஆண்டுகள் கழித்து வேறு குழுக்கள் அந்த நொதியின் மரபணுவையே நீக்கிப் பார்த்தபோது சிவப்பணுவில் ஒட்டுண்ணி எந்தக் குறையும் இல்லாமல் வளர்ந்தது. டிரைக்ளோசானும் அதை முன்போலவே கொன்றது. அந்த மருந்து வேறெங்கோ அடித்துக்கொண்டிருந்தது. எலிகளைத் தாக்கும் மலேரியா ஒட்டுண்ணிகளில் அந்தக் கொழுப்பு அமிலப் பாதை தேவைப்பட்டது கல்லீரல் கட்டத்தின் முடிவில்தான். இரத்தத்தில் ஒட்டுண்ணி தனக்கு வேண்டிய கொழுப்பை நம்மிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஒரு நொதி இருக்கிறது, அதை அடைக்கும் மருந்து ஒட்டுண்ணியைக் கொல்கிறது என்ற இரண்டும் உண்மையாக இருந்தாலும், அந்த நொதியை அடைத்ததால்தான் ஒட்டுண்ணி செத்தது என்று முடிவு கட்ட முடியாது.

இந்தக் குழப்பத்தைத் தீர்த்த சோதனை 2011இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தில் நடந்தது. செய்தவர்கள் எல்லன் யே, ஜோசப் டெரிசி. இந்தத் துறையில் இதைவிட எளிமையாகச் சிந்திக்கப்பட்ட சோதனையை நான் படித்ததில்லை. அவர்கள் கேட்டது இவ்வளவுதான்: ஏபிகோபிளாஸ்ட் செய்துதரும் பொருளை நாமே வெளியிலிருந்து கொடுத்துவிட்டால், அந்த உறுப்பு இல்லாமல் ஒட்டுண்ணி பிழைக்குமா?

ஒட்டுண்ணி வளரும் திரவத்தில் லிட்டருக்கு 200 மைக்ரோமோல் என்ற அளவில் ஐபிபியைச் சேர்த்தார்கள். பிறகு டாக்சிசைக்ளினை விட்டார்கள். முதல் சுற்று போனது. வழக்கமாகச் சாவு வரும் இரண்டாவது சுற்றும் போனது. ஒட்டுண்ணிகள் வளர்ந்துகொண்டே இருந்தன. அடுத்தடுத்த சுற்றுகளில் 35 ஆயிரம் எழுத்து வட்டம் இருக்கிறதா என்று டி.என்.ஏ.வை அளந்தபோது அது காணாமல் போயிருந்தது. ஏபிகோபிளாஸ்டுக்குப் போகும் ஒரு புரதத்தோடு பச்சையாக ஒளிரும் குறியை முன்கூட்டியே இணைத்திருந்தார்கள். நலமான ஒட்டுண்ணியில் அது கிளைவிட்ட ஒரே ஒரு குழாயாகத் தெரியும். இவற்றில் செல் முழுக்கச் சிதறிய புள்ளிகளாகத் தெரிந்தது. முகவரித் துண்டின் இரண்டாம் பகுதி வெட்டப்படவே இல்லை. மூன்று சாட்சிகளும் ஒன்றையே சொல்லின: உறுப்பு போய்விட்டது, ஒட்டுண்ணி உயிரோடு இருக்கிறது. ஐபிபியை நிறுத்தியதும் அது செத்தது. கொடுத்துக்கொண்டே இருந்தால், முன்பு அதைக் கொன்ற ஏபிகோபிளாஸ்ட் மருந்துகள் எதுவும் அதை அசைக்கவில்லை, தாக்குவதற்கு இலக்கே இல்லாததால்.

இரத்தக் கட்டத்தில் அந்த உறுப்பு ஒட்டுண்ணிக்குத் தந்தாக வேண்டிய பொருள் ஐபிபி ஒன்றே என்று இதிலிருந்து தெளிவானது. மற்ற வேலைகள் எல்லாம் ஒன்று வேறு கட்டத்துக்கானவை, அல்லது உறுப்பு தன்னைத்தானே பராமரித்துக்கொள்ளச் செய்பவை. ஆய்வகத்துக்கு இதனால் ஒரு நல்ல கருவியும் கிடைத்தது. புதிய மருந்து ஒன்று ஏபிகோபிளாஸ்டைத்தான் தாக்குகிறதா என்று அறிய, அதோடு ஐபிபியையும் கொடுத்துப் பார்த்தால் போதும். ஒட்டுண்ணி பிழைத்தால் இலக்கு ஏபிகோபிளாஸ்ட். செத்தால் மருந்து வேறு எங்கோ அடிக்கிறது. டாக்சிசைக்ளினையே அளவு கூட்டிக் கொடுத்தால் ஐபிபி காப்பாற்றுவதில்லை. அந்த அளவில் அது வேறு இலக்கையும் தொடத் தொடங்குகிறது.

இனி தாமதத்துக்கு வருவோம். மருந்து ரைபோசோமை முடக்கும் நேரத்தில் அந்த ஒட்டுண்ணியிடம் ஏற்கெனவே முழுமையான ஏபிகோபிளாஸ்ட் இருக்கிறது. அதற்குள் நொதிகள் தயாராக இருக்கின்றன. புதிதாகப் புரதம் செய்ய முடியாவிட்டாலும் கையிருப்பில் உள்ளவை அந்தச் சுற்றுக்கு வேண்டிய ஐபிபியைச் செய்துவிடுகின்றன. ஒட்டுண்ணி பிரியும்போதுதான் சிக்கல். ஒரு செல்லுக்கு ஒரே ஒரு ஏபிகோபிளாஸ்ட். அது நீண்டு கிளைத்து, பிறக்கப்போகும் ஒவ்வொரு குஞ்சுக்கும் ஒரு துண்டாகப் பிரிய வேண்டும். முடங்கிய உறுப்பு பிள்ளைகளுக்கு உருப்படியாகப் போய்ச் சேர்வதில்லை. சிவப்பணுவுக்குள் நுழைந்த பிள்ளைகளுக்கு ஐபிபி தீர்ந்துபோகிறது. அதன் பிறகு எது முதலில் உடைகிறது என்பதை மெல்போர்ன் ஆய்வாளர்கள் 2019இல் காட்டினார்கள். செல்லுக்குள் சரக்குகளைச் சரியான இடத்துக்கு அனுப்பும் சில புரதங்கள், ஐபிபியிலிருந்து கட்டிய கொழுப்பு வாலைப் பெற்றால்தான் சவ்வில் ஒட்டும். வால் இல்லாதபோது அவை சவ்வை விட்டு விலகுகின்றன. செல்லுக்குள் போக்குவரத்து குலைகிறது. சாவு அதனால் வருகிறது.

மருத்துவமனையில் இதன் விளைவு கண்கூடு. மூளை மலேரியாவோடு வருகிறவருக்கு நான்கு நாள் காத்திருக்க அவகாசம் கிடையாது. அதனால் இந்த மருந்துகளைத் தனியாகக் கொடுப்பதில்லை. உடனடியாகக் கொல்லும் ஆர்ட்டிசுனேட் அல்லது குயினைன் ஒட்டுண்ணிகளின் கூட்டத்தைக் குறைக்க, டாக்சிசைக்ளின் துணையாக ஏழு நாள் போய் மிச்சத்தை முடிக்கிறது. இந்தியாவின் தேசிய சிகிச்சை நெறிமுறையிலும் குயினைனோடு டாக்சிசைக்ளின் இருக்கிறது. கருவுற்ற பெண்களுக்கும் எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் அதன் இடத்தில் கிளிண்டமைசின். தடுப்பு மருந்தாகச் சாப்பிடுகிறவர்கள் ஊர் திரும்பிய பிறகும் நான்கு வாரம் தொடர வேண்டும் என்று சொல்வதும் இதே காரணத்தால்தான். கல்லீரலில் வளரும் ஒட்டுண்ணியை டாக்சிசைக்ளின் நம்பத்தகுந்தபடி தடுத்துவிடுவதில்லை. கல்லீரலிலிருந்து இரத்தத்துக்கு வருபவற்றை, அவை வந்த பிறகு மெதுவாகக் கொல்ல வேண்டியிருக்கிறது. வீடு வந்துவிட்டோம் என்று மாத்திரையை நிறுத்துகிறவர்களுக்குக் காய்ச்சல் வருவது இந்த இடைவெளியில்தான்.

தாமதம் இல்லாமல் அடிக்க வழி இருக்கிறதா என்றால், இருக்கிறது. உறுப்பின் பராமரிப்பைத் தாக்காமல் ஐபிபி செய்யும் பாதையையே தாக்க வேண்டும். நாமும் ஐபிபி செய்கிறோம், ஆனால் மெவலோனேட் என்ற வேறு பாதையில். ஒட்டுண்ணி பயன்படுத்துவது சயனோபாக்டீரியாவிலிருந்து வந்த பாதை. அதன் நொதிகள் மனித உடலில் இல்லை. 1999இல் ஜெர்மனியின் கீஸன் நகரில் ஹசன் ஜொமாவின் குழு, ஃபாஸ்மிடோமைசின் என்ற பழைய ஆன்டிபயாடிக் இந்தப் பாதையின் இரண்டாவது நொதியை அடைத்து எலிகளின் மலேரியாவைக் குணப்படுத்துவதைக் காட்டியது. இந்த மருந்து அதே சுற்றிலேயே கொல்கிறது. மனிதர்களிடம் சோதித்தபோது காய்ச்சல் வேகமாக இறங்கியது, ஒட்டுண்ணிகள் மறைந்தன. பிறகு பலரிடம் திரும்பி வந்தன. மருந்து இரத்தத்தில் அதிக நேரம் நிற்பதில்லை. வாய்வழி கொடுத்தால் குடல் அதைச் சரியாக உறிஞ்சுவதும் இல்லை. கிளிண்டமைசினோடு சேர்த்துக் கொடுத்தபோது காபோனில் சற்று வளர்ந்த குழந்தைகளிடம் நல்ல பலன் கிடைத்தது. மொசாம்பிக்கில் மூன்று வயதுக்குட்பட்டவர்களிடம் நடந்த சோதனையில் பாதிப் பேருக்குக்கூட நிலையான குணம் கிடைக்கவில்லை. மலேரியாவால் அதிகம் சாவது அந்த வயதுக் குழந்தைகள்தான் என்பதால் அந்த முடிவு கனமானது. டோக்சோபிளாஸ்மாவுக்கும் இதே பாதை இன்றியமையாதது, ஆனால் ஃபாஸ்மிடோமைசின் அந்தச் செல்லுக்குள் நுழையவே முடிவதில்லை. இலக்கு சரியாக இருந்தும் மருந்து அங்கே போய்ச் சேராமல் தோற்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேட வேண்டாம்.

எதிர்ப்பும் வந்தாயிற்று. பெருவின் அமேசான் பகுதி நோயாளிகளிடமிருந்து எடுத்த ஒட்டுண்ணிகளில், ஏபிகோபிளாஸ்ட் ரைபோசோமின் ஆர்.என்.ஏ.வில் ஒரே ஓர் எழுத்து மாறி கிளிண்டமைசினுக்கு அசையாதவை கண்டுபிடிக்கப்பட்டன. இதே குடும்பத்தைச் சேர்ந்த கிரிப்டோஸ்போரிடியமோ, சிறு குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கு தரும் ஒட்டுண்ணி, ஏபிகோபிளாஸ்டையே இழந்துவிட்டது. இங்கே சொன்ன இலக்குகள் எதுவும் அதனிடம் கிடையாது.

புதிய மருந்துகளைத் தேடும் வேலை இப்போது அந்த ஐபிபி சோதனையை வடிகட்டியாக வைத்து நடக்கிறது. மலேரியா ஒட்டுண்ணியைக் கொல்வதாக ஏற்கெனவே தெரிந்த 400 வேதிப்பொருட்களின் தொகுப்பு ஒன்று ஆய்வகங்களுக்கு இலவசமாகக் கிடைத்தது. அதை ஐபிபியோடு சேர்த்துச் சோதித்தபோது ஒரு பொருளிடமிருந்து மட்டும்தான் ஒட்டுண்ணி தெளிவாக மீண்டது. எம்.எம்.வி. 008138 என்ற அந்தப் பொருள் ஐபிபி பாதையில் ஃபாஸ்மிடோமைசின் அடைப்பதற்கு அடுத்த நொதியை அடைக்கிறது என்று பின்னர் தெரிந்தது. ஃபாஸ்மிடோமைசினின் வேதி அமைப்போடு அதற்கு எந்த ஒற்றுமையும் இல்லை.